கார்டிகன் முன்பக்கத்தில் கண்ணி எடுத்துப் பின்னிய பாக்கெட் உள்பை தொய்கிறது: எங்கே தவறினேன்?

செந்தூல்_தங்கை (சனி, இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் குளிரூட்டியைக் குறைக்க யாருக்கும் மனம் வருவதில்லை என்பதால், எனக்காக மில்க் காட்டன் நூலில் ஒரு கார்டிகன் பின்னி வருகிறேன். ஊசி 4 மில்லிமீட்டர். மாதிரித் துண்டைத் துவைத்து உலர்த்தி அளந்தபோது 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணிகளும் 30 வரிசைகளும் வந்தன. முன்பக்கம் ஒவ்வொன்றும் 52 கண்ணிகள். நடுவில் 26 கண்ணிகள் பாக்கெட்டின் வாய், இரண்டு ஓரங்களிலும் பதின்மூன்று.

பாக்கெட்டின் உள்பையைத் தனியாகப் பின்னித் தைக்காமல், முன்பக்கத்தின் உள்பக்கத்திலிருந்தே கண்ணி எடுத்து மேல்நோக்கிப் பின்னினேன். கீழ் ரிப் முடிந்த இடத்துக்கு மேலே, பர்ல் மேடுகளில் 28 கண்ணிகள் எடுத்தேன். பாக்கெட் ஆழமாக இருந்தால் நல்லது என்று நினைத்து 40 வரிசைகள் பின்னி, வாய்க் கண்ணிகளைத் தனி ஊசியில் நிறுத்திவிட்டு, அவற்றின் இடத்தில் உள்பையை இணைத்துத் தோள்வரை பின்னி முடித்துவிட்டேன். உள்பையின் இரு பக்கங்களையும் பிறகு தைத்தேன்.

வலது முன்பக்கத்தில் கைப்பேசியை வைத்தவுடன் பாக்கெட்டின் வாய் நடுவில் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறது. கைப்பேசியை எடுத்த பிறகும் அது முழுவதாக மேலே ஏறுவதில்லை. அடியில் நான் கண்ணி எடுத்த இடம் வெளிப்பக்கத்திலிருந்து பார்த்தால் புள்ளிபுள்ளியாக இழுபட்டு, அதுவும் ஒரு பக்கமாகச் சாய்ந்து தெரிகிறது. இடது முன்பக்கம் இப்போது பாக்கெட்டின் வாய் வரை வந்து ஊசியில் நிற்கிறது. அதில் உள்பைக்கு இன்னும் கண்ணி எடுக்கவில்லை. அதைத் தொடரும் முன் உங்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

கெப்போங்_நூல் (சனி, இரவு 10.15)

இதற்கு மிக எளிய தீர்வு இருக்கிறது. உள்பையை இரண்டு அளவு சிறிய ஊசியில் பின்னுங்கள். 4 மில்லிமீட்டருக்குப் பதிலாக 3.25 எடுத்தால் துணி இறுக்கமாக வரும். இறுக்கமான துணி தொய்யாது. நான் என் அக்காள் மகனுக்குப் பின்னிய கார்டிகனில் அப்படித்தான் செய்தேன், இரண்டு ஆண்டுகளாக நன்றாகவே இருக்கிறது. கண்ணி எண்ணிக்கையை மாற்ற வேண்டியதில்லை.

பட்டர்வொர்த்_தையல் (சனி, இரவு 10.50)

நான் தையற்காரி, பின்னல் ஓரளவுதான் தெரியும். கார்டிகனுக்கு லைனிங் என்றால் மெல்லிய வாயில் துணியை வெட்டி, முன்பக்கம் முழுவதற்கும் உள்ளே வைத்துத் தைத்துவிடலாமே. துணி நீளாது, அதனால் பாக்கெட்டும் இறங்காது. பட்டர்வொர்த்தில் என் கடைக்கு வரும் சில பெண்கள் பின்னிய சட்டைகளைக் கொண்டுவந்து அப்படித் தைத்து வாங்கிச் செல்கிறார்கள்.

தோக்கோங்_ஊசி (ஞாயிறு, காலை 7.20)

தங்கைக்கு வணக்கம். பதில் சொல்வதற்கு முன் மூன்று செய்திகள் வேண்டும். நீங்கள் கண்ணி எடுத்த மேட்டு வரிசையிலிருந்து, வாய்க்காக நிறுத்திவைத்த கண்ணிகள் வரை முன்பக்கத்தில் எத்தனை வரிசைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். கண்ணி எடுக்கும்போது மேடுகளை ஊசியால் அள்ளிக்கொண்டு அப்படியே அவற்றைப் பின்னினீர்களா, அல்லது ஒவ்வொரு மேட்டின் வழியாகவும் புது நூலை இழுத்து வளையம் எடுத்தீர்களா? மூன்றாவதாக, கைப்பேசியைப் பாக்கெட்டில் வைத்துக் கார்டிகனை ஹேங்கரில் மாட்டி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வாய் மட்டும் நடுவில் குழிகிறதா, அல்லது முன்பக்கம் முழுவதுமே நீள்கிறதா? இரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வேறு.

பட்டர்வொர்த் சகோதரி கேட்பது முன்பக்கம் முழுவதற்குமான லைனிங்கைப் பற்றியது. தங்கையின் கேள்வி பாக்கெட்டின் உள்பையை மட்டும் பற்றியது. ஆனால் துணி நீளாது என்ற உங்கள் கருத்துக்குப் பிறகு வருகிறேன், அதில் ஒரு பயன் இருக்கிறது.

செந்தூல்_தங்கை (ஞாயிறு, மதியம் 1.05)

நன்றி, ஆன்ட்டி. முன்பக்கத்தில் எண்ணிப் பார்த்தேன்: 36 வரிசைகள். உள்பையில் 40 பின்னியிருக்கிறேன், கண்ணி எடுத்த வரிசையை அதில் சேர்க்கவில்லை. மேடுகளை 4 மில்லிமீட்டர் ஊசியாலேயே அள்ளி, அவற்றையே பின்னினேன். இப்போது உள்பக்கத்தை விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தால், பாதி வழியில் ஒரு வரிசை மேலே தாவியிருப்பது தெரிகிறது. அதனால்தான் கோடு சாய்ந்திருக்கிறது போலும்.

ஹேங்கரில் மாட்டிப் பார்த்தேன். முன்பக்கத்தின் மொத்த நீளம் அப்படியேதான் இருக்கிறது. வாய் மட்டும் நடுவில் குழிகிறது, இரு மூலைகளும் அசையவில்லை.

தோக்கோங்_ஊசி (ஞாயிறு, மாலை 4.30)

அப்படியானால் பெரும்பகுதி விளங்கிவிட்டது. சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாக்கெட்டில் இருக்கும் எடை அடியில்தான் உட்காருகிறது, அதாவது நீங்கள் கண்ணி எடுத்த கோட்டின் மேல். அங்கிருந்து அந்த எடை தோளுக்கு ஏற இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பின்னால் இருக்கும் உள்பை வழியாக. உள்பையின் மேல் கண்ணிகள் முன்பக்கத்தின் மேல்பகுதியாகவே தொடர்வதால், அந்த வழி நேராகத் தோள்வரை செல்கிறது. மற்றொன்று, வெளியே தெரியும் முன் அடுக்கு வழியாக. அந்த அடுக்கோ வாயில் முடிந்துவிடுகிறது. அதன் 26 கண்ணிகளுக்கு மேலே பிடிமானம் எதுவும் இல்லை. இரு மூலைகளில் மட்டுமே அது தொங்குகிறது. துணி உலர்த்தும் கயிற்றின் நடுவில் ஈரத் துண்டைப் போட்டால் கயிறு எப்படிக் குழிகிறதோ, அப்படியே வாயும் குழியும்.

ஆகவே எடையை உள்பைதான் சுமக்க வேண்டும், முன் அடுக்கு சுமக்கக் கூடாது. உள்பை முன் அடுக்கைவிட நீளமாக இருந்தால் அது தளர்ந்து மடிந்து நிற்கும், எடை முழுவதும் முன் அடுக்கில் போய் விழும். உங்களுடையது கண்ணி எடுத்த வரிசையோடு சேர்த்து 41. முன் அடுக்கு 36. ஐந்து வரிசைகள் அதிகம். உங்கள் அளவுப்படி 10 சென்டிமீட்டருக்கு 30 வரிசைகள் என்றால், ஐந்து வரிசைகள் ஏறக்குறைய 1.7 சென்டிமீட்டர். வாய் ஒன்றரை சென்டிமீட்டர் இறங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உள்பை இறுகும்வரை முன் அடுக்கு நீண்டுகொண்டே போகிறது, அவ்வளவுதான். ஆழமான பாக்கெட் வேண்டுமென்றால் கண்ணி எடுக்கும் கோட்டைக் கீழே இறக்க வேண்டும். உள்பையை நீட்டி ஆழத்தைப் பெற முடியாது.

இடது பக்கத்துக்கு நான் சொல்வது 34 வரிசைகள். எடுத்த வரிசையோடு 35 ஆகும், முன் அடுக்கைவிட ஒரு வரிசை குறைவு, அதாவது மூன்று மில்லிமீட்டர் சொச்சம். பருத்தி நூலுக்கு அந்தச் சிறு இழுப்பு தேவை, ஏனென்றால் அது நீண்டால் தானாகத் திரும்பாது. கம்பளி நூலாக இருந்தால் அந்தக் குறைவுகூட இல்லாமல் சமமாகவே விட்டுவிடுவேன். இரண்டு மூன்று வரிசைகளுக்கு மேல் குறைத்தால் வெளிப்பக்கத்தில் கண்ணி எடுத்த கோடு மேலே இழுபட்டு ஒரு மடிப்பாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் குறைத்தது அதிகம் என்று அறிந்துகொள்ளலாம். 34 என்று இரட்டைப்படையில் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. கண்ணி எடுப்பது உள்பக்கம் உங்களை நோக்கி இருக்கும்போது. அடுத்த வரிசை நிட், அதற்கடுத்தது பர்ல் என்று போனால், நிட் முகம் பாக்கெட்டின் வாய் வழியாகத் தெரியும் பக்கமாக அமையும். இரட்டைப்படையில் முடித்தால் அடுத்து வருவது சரியாக முன்பக்கத்தின் வெளிப்பக்க வரிசையாக இருக்கும்.

கண்ணி எடுப்பது எப்படி என்பதைத் தனியாக எழுதுகிறேன். பேரன் கூப்பிடுகிறான்.

கெப்போங்_நூல் (ஞாயிறு, மாலை 5.10)

ஆன்ட்டி சொல்வதும் நான் சொன்னதும் ஒன்றுதானே? சிறிய ஊசியில் பின்னினால் வரிசைகள் குட்டையாகும், உள்பையும் தானாகவே குட்டையாகும்.

தோக்கோங்_ஊசி (ஞாயிறு, இரவு 8.45)

பாதி ஒன்றுதான், தம்பி. வரிசைகள் குட்டையாகும் என்பது உண்மை. உங்கள் அக்காள் மகனின் பாக்கெட் நன்றாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் கண்ணிகளும் குறுகும். இதே நூலை 3.25 ஊசியில் நான் பின்னியபோது 10 சென்டிமீட்டருக்கு 25 கண்ணிகள் வந்தன. அந்தக் கணக்கில் 28 கண்ணிகள் 11.2 சென்டிமீட்டர்தான். முன்பக்கத்தில் அதே 28 கண்ணிகள் 12.7 சென்டிமீட்டர். ஒன்றரை சென்டிமீட்டர் குறுகலான உள்பை முன்பக்கத்தை இரு ஓரங்களிலும் உள்ளே இழுக்கும். பாக்கெட்டின் இரு பக்கங்களிலும் மேலிருந்து கீழாகப் பள்ளம் விழும். சிறு குழந்தையின் பாக்கெட்டில் கண்ணிகள் குறைவு என்பதால் அது கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

இறுக்கமான உள்பைதான் வேண்டும் என்றால், 28 எடுத்து முதல் வரிசையிலேயே 32 ஆகக் கூட்ட வேண்டும், மேலே முன்பக்கத்தோடு இணைக்கும் முன் மறுபடி 28 ஆகக் குறைக்க வேண்டும், வரிசைகளையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். தடித்த நூலில் மெல்லிய உள்பை விரும்புகிறவர்கள் அப்படிச் செய்யலாம். இந்த கார்டிகனுக்கு அவ்வளவு பாடு தேவையில்லை. அதே ஊசியே போதும்.

இனி கண்ணி எடுப்பது. உங்கள் இரண்டாவது குறை, அந்தப் புள்ளிகளும் சாய்வும், இங்கிருந்துதான் வந்தது. மேட்டை 4 மில்லிமீட்டர் ஊசியில் அள்ளும்போது, அது பக்கத்துக் கண்ணிகளின் நூலை இழுத்துக்கொண்டு பெரிதாகிறது. பக்கத்துக் கண்ணிகள் வெளிப்பக்கத்தில் இறுகிப் புள்ளியாகத் தெரிகின்றன. பெரிதான மேடோ எடை விழும்போது இன்னும் விரிகிறது. நான் செய்வது இது. முதலில் வெளிப்பக்கத்தைத் திருப்பி, நான் விரும்பும் வரிசையில் ஒவ்வொரு கண்ணியின் வலது காலின் அடியிலும் ஒரு மெல்லிய, வழுவழுப்பான வேறு நிற நூலைத் தையல் ஊசியால் கோத்துக்கொண்டே செல்வேன். வெளிப்பக்கத்தில் கண்ணிகள் தெளிவாகத் தெரிவதால் வரிசை தாவ வழியே இல்லை. பிறகு உள்பக்கம் திருப்பினால் அந்த நூல் மேடுகளைக் காட்டிக்கொடுக்கும். அந்த மேடுகளை 2.5 மில்லிமீட்டர் ஊசியில் வரிசையாக ஏற்றுவேன். இந்த ஊசி மேடுகளை வரிசையில் நிறுத்திவைக்க மட்டுமே. அதன் பின் 4 மில்லிமீட்டர் ஊசியால் ஒவ்வொரு மேட்டின் வழியாகவும் புது நூலை இழுத்து வளையம் எடுப்பேன். அடுத்த நிட் வரிசையை மட்டும் கண்ணிகளின் பின்காலில் பின்ன வேண்டும். அப்போது ஒவ்வொரு வளையமும் ஒரு முறுக்கு முறுக்கிக்கொண்டு நிற்கும், அடிக்கோடு விரியாது.

எடுக்க வேண்டிய 28 மேடுகள், முன்பக்கத்தின் 13ஆம் கண்ணியிலிருந்து 40ஆம் கண்ணி வரை. வாயின் 26 கண்ணிகளுக்கு இருபுறமும் ஒன்று கூடுதலாக வருகிறது அல்லவா, அந்தக் கூடுதல் ஒன்று மூலை ஓட்டையை அடைக்கப் பயன்படும். இணைக்கும் வரிசையில் 12 கண்ணிகள் நிட், அடுத்த முன்பக்கக் கண்ணியையும் உள்பையின் முதல் கண்ணியையும் சேர்த்து நிட், உள்பையின் 26 கண்ணிகள் நிட், உள்பையின் கடைசிக் கண்ணியையும் முன்பக்கத்தின் அடுத்த கண்ணியையும் சேர்த்து நிட், மீதி பன்னிரண்டு. ஊசியில் மறுபடி 52 இருக்கும்.

செராஸ்_அப்பா (ஞாயிறு, இரவு 9.30)

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் மகளுக்குப் பின்னும் கார்டிகனில் பாக்கெட்டின் வாய் குறுக்காக இல்லை, பக்கவாட்டில் மேலிருந்து கீழாக இருக்கிறது. அதன் வாய்ப்பட்டைக்கு வரிசைகளின் ஓரத்தில் கண்ணி எடுக்கிறேன். வாயின் நீளம் 40 வரிசைகள், நாற்பது கண்ணிகள் எடுத்தேன். பட்டை அலை அலையாக மடிந்து தொங்குகிறது. இதுவும் தொய்வுதானா? ஆன்ட்டி சொன்ன ஒரு வரிசைக் குறைவு இதற்கும் பொருந்துமா?

ஆயர்_ஈத்தாம் (ஞாயிறு, இரவு 10.05)

செராஸ் அண்ணன், அது தொய்வு அல்ல, கண்ணி மிகுதி. ஒரு வரிசையின் உயரம் ஒரு கண்ணியின் அகலத்தைவிடக் குறைவு. செந்தூல் தங்கையின் அளவைப் போல 22க்கு 30 என்றால், நான்கு வரிசைகளுக்கு மூன்று கண்ணிகள் எடுக்க வேண்டும். நாற்பது வரிசைகளுக்கு முப்பது. மூன்று வரிசைகளில் ஒவ்வொரு கண்ணி எடுத்து, நான்காவதைத் தாண்டிச் செல்லுங்கள். ஓரக் கண்ணியின் ஒரு நூலில் மட்டும் எடுக்காமல், முழுக் கண்ணி ஒன்றை உள்ளே விட்டு எடுங்கள். ஒற்றை நூலில் எடுத்தால் ஒவ்வொன்றும் ஓட்டையாக விரியும். உங்கள் வாய்க்கு மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை என்று இரண்டுமே முன்பக்கத்தில் பிடித்திருப்பதால் எடை அதைக் கீழே இழுப்பதில்லை. உங்களுக்குச் சிக்கல் கீழ் மூலையில்தான் வரும், அங்கே இரண்டு மூன்று தையல் கூடுதலாகப் போட்டுவிடுங்கள்.

தங்கையின் விஷயத்துக்கு வருகிறேன். உள்பையின் பக்கங்களை எப்படி இணைப்பது என்று ஆன்ட்டி இன்னும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பின்னி, துவைத்து, உலர்த்திய பிறகு தைப்பதே நல்லது என்பது என் கருத்து. நூல் துவைத்த பிறகுதான் தன் உண்மையான அளவுக்கு வருகிறது. முன்கூட்டியே இணைத்துவிட்டால் பிறகு திருத்த வழியில்லை.

தோக்கோங்_ஊசி (திங்கள், காலை 6.55)

செராஸ் தம்பிக்கு ஆயர் ஈத்தாம் சொன்னதே சரி. ஒரு வரிசைக் குறைவு குறுக்கு வாய்க்கு மட்டும்.

பக்கங்களை நான் பின்னும்போதே இணைத்துவிடுவேன். உள்பக்கம் என்னை நோக்கி இருக்கும் ஒவ்வொரு பர்ல் வரிசையிலும், தொடக்கத்தில் முன்பக்கத்தின் 40ஆம் கண்ணி நெடுக்கில் உள்ள மேடு ஒன்றை 2.5 ஊசியால் உயர்த்தி, உள்பையின் முதல் கண்ணியோடு சேர்த்துப் பர்ல் பின்னுவேன். வரிசையின் முடிவில் 13ஆம் கண்ணி நெடுக்கில் உள்ள மேட்டைக் கடைசிக் கண்ணியோடு சேர்ப்பேன். முன்பக்கத்தில் ஒரு மேடு விட்டு ஒரு மேடாக ஏறிச் செல்ல வேண்டும், ஏனென்றால் இணைப்பு இரண்டு வரிசைகளுக்கு ஒன்று. முன்பக்கத்தில் 36 வரிசைகள் என்றால் 18 மேடுகள். உள்பையில் 34 வரிசைகள் என்றால் 17 இணைப்புகள். ஆக, ஒரு மேடு மீதமாகும். அதைக் கடைசியில் மிச்சம் வைக்காமல், பாதி உயரத்தில் எங்காவது தாண்டிவிடுங்கள்.

ஆயர் ஈத்தாம் சொல்லும் காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பிறகு தைக்கும்போது கை தன்னை அறியாமல் நூலை இழுத்துவிடும். பின்னல் நீளும், தையல் நூல் நீளாது. ஆறு மாதத்தில் ஏதேனும் ஒரு மேடு அறுந்து வரும். என் கைக்கு இணைத்துப் பின்னுவதே ஒத்துவருகிறது.

ஆயர்_ஈத்தாம் (திங்கள், காலை 8.10)

தையல் நூலை இழுக்காமல், இரண்டு வரிசைகளுக்கு ஒரு மேடு என்று அளந்து, அதே நூலில் ஒரு இழையைப் பிரித்துத் தைத்தால் அறுந்து வராது, ஆன்ட்டி. நான் பத்து ஆண்டுகளாக அப்படித்தான் செய்கிறேன். பருத்தியில் முதல் துவைப்புக்குப் பிறகு முன்பக்கம் சற்று நீள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இணைத்துப் பின்னியவர்களுக்கு அந்த வேளையில் ஒன்றும் செய்ய முடியாது. தைப்பவர்கள் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம்.

பட்டர்வொர்த்_தையல் (திங்கள், மதியம் 12.40)

கேள்வியைச் சரியாகப் படிக்காததற்கு மன்னியுங்கள். கயிற்றில் ஈரத்துண்டு என்ற உவமை எனக்கு நன்றாகப் புரிந்தது, ஏனென்றால் தையலிலும் பாக்கெட்டின் வாய்க்குத்தான் நாடா வைத்துத் தைப்போம். பின்னிய வாயின் உள்பக்கத்திலும் அரை அங்குலப் பருத்தி நாடாவை வைத்துத் தைக்கலாமா?

தோக்கோங்_ஊசி (திங்கள், மாலை 5.15)

நான் பிறகு வருகிறேன் என்று சொன்னது இதற்குத்தான், சகோதரி. நாடாவின் நோக்கம் சரியானது, ஆனால் அது கொஞ்சமும் நீளாது. கையை உள்ளே விடும்போது வாய் விரிய வேண்டும். விரியாவிட்டால் அந்த இழுப்பு இரு மூலைகளிலும் போய்ச் சேர்ந்து மூலைக் கண்ணிகளைக் கிழிக்கும். நாடாவின் வேலையை நூலிலேயே செய்ய ஒரு வழி உண்டு.

வாயில் நிறுத்திவைத்த 26 கண்ணிகளை 3.25 ஊசிக்கு மாற்றி, இரண்டு நிட் இரண்டு பர்ல் ரிப்பில் ஆறு வரிசைகள் பின்னுங்கள். இரண்டு ஓரங்களிலும் இரண்டு நிட் வருவதாக அமைத்தால் 26 சரியாகப் பொருந்தும். தங்கை முதல் பாக்கெட்டின் பட்டைக்கு எந்த ஊசியைப் பயன்படுத்தினார் என்று எழுதவில்லை. 4 மில்லிமீட்டராக இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். கண்ணிகளை மூடும்போது ரிப்பின் போக்கிலேயே, இறுக்கமாக மூடுங்கள். மூடிய விளிம்பை அளந்தால் பதினொன்றரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும், வாயின் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாக. பட்டையின் இரு முனைகளையும் முன்பக்கத்தோடு ஒரு கண்ணி நெடுக்கைப் பிடித்து நேராகத் தைத்த பிறகு, உள்பக்கத்தில், பட்டை தொடங்கும் வரிசையின் மேடுகளில் 3 மில்லிமீட்டர் குரோஷே ஊசியால் ஒரு வரிசை ஸ்லிப் தையல் போடுங்கள். 26 மேடுகளுக்கு 24 தையல். அதாவது நடுப்பகுதியில் இரண்டு இடங்களில் ஒரு மேட்டைத் தாண்டிவிடுங்கள். அந்தச் சங்கிலி ஒரு நாடாவைப் போல வாயைத் தாங்கும், கை நுழையும்போது சிறிது விட்டும் கொடுக்கும். தொடக்க முனையையும் இறுதி முனையையும் உள்பை இணைந்திருக்கும் ஓரத்துக்குள் கொண்டுபோய் முடியுங்கள். எடை அங்கேதான் முடிய வேண்டும்.

செந்தூல்_தங்கை (திங்கள், இரவு 9.20)

ஆமாம், ஆன்ட்டி, பட்டையையும் 4 மில்லிமீட்டர் ஊசியில்தான் பின்னினேன். இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன்: வலது முன்பக்கத்தைத் துவைத்த அன்று மழை விடவில்லை, ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டி, விசிறியின் கீழ் இரண்டு நாள் தொங்கவிட்டேன்.

இப்போது என் கவலை வலது பக்கம்தான். தோள்வரை பின்னி முடித்துவிட்டேன். அதை வாய் வரை பிரிக்க வேண்டுமா?

தோக்கோங்_ஊசி (திங்கள், இரவு 9.55)

ஈரப் பருத்தி தன் எடையாலேயே நீளும், தங்கை. இனி விரிப்பின் மேல் தட்டையாகப் பரப்பி, அளவுக்கு இழுத்துச் சரிசெய்து, விசிறியை அதன் மேல் ஓடவிடுங்கள்.

வலது பக்கத்தைப் பிரிக்க வேண்டாம். பக்கங்களை நீங்கள் தைத்திருப்பது இந்த முறை உங்களுக்கு உதவுகிறது; ஆயர் ஈத்தாம் சிரித்துக்கொள்ளட்டும். பக்கத் தையலை இருபுறமும் முழுவதாகப் பிரியுங்கள். உள்பை இப்போது மேலேயும் கீழேயும் மட்டும் பிடித்திருக்கும். அடியிலிருந்து எண்ணி, கண்ணி எடுத்த வரிசைக்கு மேல் ஆறாவது வரிசையின் நடுவில் ஒரே ஒரு கண்ணியின் நூலை வெட்டுங்கள். வெட்டும் முன், ஏழாவது வரிசையின் 28 கண்ணிகளிலும் மெல்லிய நூல் ஒன்றைக் கோத்துவிடுங்கள். கண்ணி ஓடாமல் அது காக்கும். வெட்டிய இடத்திலிருந்து இருபுறமும் அந்த ஆறாவது வரிசையைக் கண்ணி கண்ணியாக உருவினால், மேலே 28 கண்ணிகள் திறந்து நிற்கும். கீழே உள்ள ஐந்து வரிசைகளையும் எடுத்த வரிசையையும் அவிழ்த்துவிடலாம். அள்ளி எடுத்த மேடுகள் விடுதலையானதும் பக்கத்துக் கண்ணிகள் மெல்லத் தங்கள் நூலைத் திரும்பப் பெறும். ஊசி முனையால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் தட்டிச் சரிசெய்து, ஒருமுறை நனைத்து உலர்த்துங்கள்.

இப்போது உள்பையில் மீதி இருப்பது 34 வரிசைகள். திறந்த 28 கண்ணிகளையும், வெளிப்பக்கத்தில் நூல் கோத்துக் குறித்த மேட்டு வரிசையின் 28 மேடுகளோடு, ஒரு கண்ணிக்கு ஒரு மேடு என்று தையல் ஊசியால் இணைத்துவிடுங்கள். தையல் ஒரு வரிசையின் உயரத்தைக் கொடுக்கும், அதோடு 35. நூலை இழுத்து இறுக்காமல், பக்கத்தில் இருக்கும் கண்ணிகளின் அளவுக்கே ஒவ்வொரு வளையத்தையும் விடுங்கள். பட்டையைத் தனியாகப் பிரித்து, 26 கண்ணிகளை 3.25 ஊசியில் ஏற்றி மறுபடி பின்னுங்கள்.

செந்தூல்_தங்கை (அடுத்த ஞாயிறு, மாலை 6.10)

இரண்டு பக்கமும் முடிந்தது. இடது பக்கத்தை முதலில் செய்தேன். வெளிப்பக்கத்தில் சிவப்பு நூல் கோத்துவிட்டு உள்பக்கம் திருப்பியபோது, மேடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வலது பக்கத்தில் நான் எவ்வளவு கண்மூடித்தனமாக எடுத்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. பக்கங்களைப் பின்னும்போதே இணைத்தேன், ஒன்பதாவது இணைப்புக்குப் பிறகு ஒரு மேட்டைத் தாண்டினேன். வாய்ப்பட்டையை மூடியபின் அளந்தால் 11.6 சென்டிமீட்டர் வந்தது. ஸ்லிப் தையலை முதலில் 26 போட்டுவிட்டேன்; வாய் சற்றே வெளிப்புறம் புடைத்தது. அதைப் பிரித்து 24 போட்ட பிறகு தட்டையாக உட்கார்ந்தது.

வலது பக்கத்தில் நூலை வெட்டும்போது கை நடுங்கியது. 28 கண்ணிகளும் ஓடாமல் நின்றன. அள்ளிய மேடுகளின் புள்ளிகள் நனைத்து உலர்த்திய பிறகு பெரும்பாலும் மறைந்துவிட்டன, இரண்டு மட்டும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிகின்றன. பக்கங்களை ஆயர் ஈத்தாம் அக்கா சொன்னபடி, ஒரு இழை பிரித்துத் தைத்தேன்.

இரண்டு பாக்கெட்டிலும் மாற்றி மாற்றி அதே கைப்பேசியை வைத்து ஒரு நாள் முழுவதும் அலுவலகத்தில் அணிந்து பார்த்தேன். இடது பக்கத்தின் வாய் 2 மில்லிமீட்டர் இறங்கியது, கைப்பேசியை எடுத்ததும் திரும்பிவிட்டது. வலது பக்கம் 4 மில்லிமீட்டர் இறங்கி, மாலை வரை பாதிதான் திரும்பியிருந்தது. இணைத்துப் பின்னியதற்கும் தைத்ததற்கும் உள்ள வேறுபாடா, அல்லது வலது பக்கத்து நூல் ஏற்கெனவே ஒருமுறை நீண்டுவிட்டதாலா?

ஆயர்_ஈத்தாம் (ஞாயிறு, இரவு 8.00)

ஏற்கெனவே நீண்ட நூல்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன், தங்கை. ஈரத்தோடு இரண்டு நாள் தொங்கிய துணி அது. இரண்டு பக்கத்தையும் தட்டையாகத் துவைத்து உலர்த்தி, அதன் பிறகு மறுபடி அளந்து எழுதுங்கள். இடது பக்கம் அப்போது எவ்வளவு நீள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

தோக்கோங்_ஊசி (ஞாயிறு, இரவு 8.40)

நூலும் ஒரு காரணம்தான். ஆனால் வலது பக்கத்தின் தையலை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்: வாய் மூலைக்கு அருகிலுள்ள கடைசி இரண்டு தையல்கள் மற்றவற்றைவிடத் தளர்வாக இருக்கின்றனவா? கைப்பேசியை உள்ளே வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், மூலை தெரியும்படி.